"ஒரு வாரம் லோட் குறைங்க"ன்னு மேனேஜர்கிட்ட கேட்ட ஒரு கேஸ்: முதல் தடவை ஏன் ஓடலை, ரெண்டாவது தடவை என்ன மாறுச்சு

சென்னை ஓஎம்ஆர்ல ஒரு சர்வீஸ் கம்பெனி, யுகே க்ளையண்ட், ப்ரொடக்‌ஷன் சப்போர்ட், அதாவது லைவ்ல ஓடற சிஸ்டத்தைப் பாத்துக்கற வேலை. மதியம் ஒன்றரைல இருந்து நைட் பத்தரை வரைக்கும் ஷிஃப்ட். அங்க மாட்யூல் லீடா இருக்கற ஒரு பொண்ணோட கேஸ் இது. எனக்கு பழைய டீம் மேட், என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா. அவகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன், அடையாளம் தெரியற மாதிரி இருக்கற ரெண்டு மூணு விஷயத்தை மட்டும் மாத்தியிருக்கேன்.

முதல்ல நிலைமை என்னன்னா, ஆன்கால் ரோஸ்டர்ல நாலு பேர் இருந்தாங்க, ஆளுக்கு ஒரு வாரம்னு சுத்தி வரும். ஒருத்தங்க மெட்டர்னிட்டி லீவ்ல போனாங்க, இன்னொருத்தரை வேற ப்ராஜெக்ட்டுக்கு ரிலீஸ் பண்ணிட்டாங்க. ரீப்ளேஸ்மென்ட் வரும் வரும்னாங்க, வரலை. மாசத்துக்கு ஒரு வாரமா இருந்த ஆன்கால், வாரம் விட்டு வாரம் ஆயிடுச்சு. நைட் ரெண்டு மணிக்கு அலர்ட் அடிக்கும், எழுந்து லேப்டாப் திறந்து லாகின் பண்ணி பாத்து சரி பண்ணிட்டு படுத்தா தூக்கம் வராது, காலைல அஞ்சு மணிக்கு கண்ணை மூடினா ஒன்பது மணிக்கு ஜூனியர் பையன் டவுட் கேட்டு போன் பண்ணுவான். இப்படியே மூணு மாசம் ஓடிச்சு.

அதுக்கப்புறம் வந்த மாற்றங்களை அவ வரிசையா சொன்னா. ஒரே டிக்கெட்டை மூணு தடவை படிச்சாலும் மண்டைல ஏறலை. க்ளையண்ட் பேரைப் பாத்தாலே எரிச்சல், "இவங்களுக்கு என்ன பண்ணா என்ன"ன்னு ஒரு விட்டேத்தி மனசு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா வயிறு கலக்கும். கடைசியா ஒரு நாள் டெஸ்ட் சர்வர்ல ரீஸ்டார்ட் பண்ண வேண்டிய ஜாபை லைவ்ல பண்ணப் போயிட்டா, பக்கத்துல ஸ்க்ரீன் ஷேர்ல இருந்த ஜூனியர் "அக்கா அது ப்ராட், லைவ் சர்வர்"ன்னு கத்தினதால தப்பிச்சாங்க. அன்னைக்கு நைட்டுதான் என்கிட்ட சொன்னா, "அக்கா, பேப்பர் போட்ரலாமான்னு இருக்கு"ன்னு.

உலக சுகாதார நிறுவனம் 2019ல ஐசிடி-11 வகைப்பாட்டுல பர்ன்அவுட்டை விவரிக்கறப்போ மூணு விஷயம் சொல்லுது: சக்தியே இல்லாம வத்திப்போன உணர்வு, வேலை மேல ஒரு விலகலும் வெறுப்பும், செய்யற வேலைல திறன் குறையறது. அவ சொன்னதுல மூணுமே இருக்கு. அதே வகைப்பாடு இன்னொண்ணும் தெளிவா சொல்லுது, இது நோய் கிடையாது, வேலை சார்ந்த ஒரு நிலை, நாள்பட்ட வேலை அழுத்தத்தை சரியா கையாளாம விட்டதால வர்றது. மேனேஜர்கிட்ட பேசப் போற ஒருத்தருக்கு இந்த ரெண்டாவது பாயிண்ட் ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கறேன், ஏன்னா "எனக்கு உடம்பு சரியில்லை"ன்னு போய் நின்னா பதில் "ரெஸ்ட் எடும்மா"ன்னுதான் வரும், வேலையைப் பத்தின பேச்சா போனாத்தான் பதிலும் வேலையைப் பத்தி வரும்.

முதல் தடவை என்ன பண்ணா?

நைட் பதினொன்னே முக்காலுக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ். "ரொம்ப டயர்டா இருக்கு, கொஞ்ச நாளா முடியலை, கொஞ்சம் லோட் கம்மி பண்ண முடியுமா?" மேனேஜர் கெட்டவர் இல்லை, பத்து நிமிஷத்துல பதில் போட்டார், "புரியுதும்மா, இந்த ரிலீஸ் முடியட்டும், பாத்துக்கலாம், டேக் கேர்." கூடவே ஒரு கும்பிடு ஸ்மைலி. ரிலீஸ் முடிஞ்சுது, அடுத்த ரிலீஸ் வந்துச்சு, அவ்ளோதான்.

அவளுக்கு பயங்கர கோவம், மனுஷனே இல்லைன்னா. நான் அந்த மெசேஜை அவர் பக்கத்துல இருந்து படிச்சுப் பாக்கச் சொன்னேன். கொஞ்சம்னா எவ்ளோ, எப்போல இருந்து, எதை எடுத்துட்டு யார்கிட்ட குடுக்கறது? இது எதுவுமே அதுல இல்லை. அந்த ஆளுக்கு கீழ முப்பது பேர் இருக்காங்க, அதுல பாதிப் பேர் தினமும் டயர்டுன்னுதான் சொல்றாங்க. ஒரு உணர்வுக்கு ஒரு மேனேஜர் "புரியுது"ன்னுதான் பதில் சொல்ல முடியும். அவர் ஆமா இல்லைன்னு முடிவு எடுக்கணும்னா முடிவு எடுக்கற மாதிரி ஒண்ணு அவர் முன்னாடி இருக்கணும். இன்னொண்ணு, நைட் பதினொன்னே முக்காலுக்கு வர்ற மெசேஜை யாரா இருந்தாலும் ஒரு மோசமான நாளோட புலம்பலாத்தான் எடுத்துப்பாங்க, காலைல மறந்துடும்.

அதனால உக்காந்து முதல்ல ஒரு ஷீட் போட்டோம். ஒரு சாதாரண வாரத்துல எது எதுக்கு எவ்ளோ நேரம் போகுதுன்னு. அவ போன ரெண்டு வாரத்து காலெண்டரையும் கால் லிஸ்டையும் வச்சுதான் எழுதினா, ஞாபகத்துல இருந்து எழுதினா எல்லாரும் கூட்டித்தான் சொல்லுவோம்.

டிக்கெட் வேலை 22 மணி நேரம். க்ளையண்ட் கால்ஸ் 8. ஜூனியர் ரெண்டு பேரோட வேலையை ரிவ்யூ பண்றது, வேலையைக் கத்துக்குடுக்கற கேடி 7. மாசக்கடைசில மொத்தமா ஓடற பேட்ச் ஜாபுக்கான தயாரிப்பு 5. இன்டர்வியூ பேனல் 4. ஆடிட் ஷீட் 3, வாராந்திர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் 3. இதுவே 52 ஆச்சு. ஆன்கால் வாரமா இருந்தா நைட் அலர்ட்டுக்கு மட்டும் இன்னொரு 5, மொத்தம் 57. டைம்ஷீட்ல போறது என்னவோ 45தான், ஏன்னா அதுக்கு மேல போட்டா சிஸ்டம் அப்ரூவல் கேக்கும், யாரும் போடறதில்லை. அதாவது மேனேஜர் பாக்கற ரிப்போர்ட்ல இவ நார்மலா வேலை செய்யற ஒரு ஆள். இன்டர்வியூ பேனல் வேற ஒரு குரூப் கேட்டு இவ ஒத்துக்கிட்டது, அது அவருக்கு தெரியவே தெரியாது. நைட் அலர்ட்டும் எந்த ரிப்போர்ட்லயும் இல்லை, அரை மணி நேரத்துல க்ளோஸ் ஆனா அது டிக்கெட்டாவே மாறாது.

இந்த ஷீட் போட்டதுல எனக்கே ஆச்சரியமா இருந்தது என்னன்னா, அவளை அரிச்சது அந்த 22 மணி நேர டிக்கெட் வேலை இல்லை. நேரக் கணக்குல வெறும் அஞ்சு மணியா தெரியற ஆன்கால்தான். அந்த அஞ்சு மணி துண்டு துண்டா நாலு நைட்டுல வந்து நாலு நாள் தூக்கத்தைக் கெடுத்துச்சு, அதோட "இன்னைக்கு அடிக்குமோ"ன்னு போனை தலையணை கிட்ட வச்சு படுக்கறது தனி. ஒரே ஒரு விஷயம்தான் கேக்க முடியும்னா அதைத்தான் கேக்கணும்னு முடிவு பண்ணோம்.

அடுத்தது எந்த வாரம். மாசக்கடைசி பேட்ச் வாரம் கிடையாது, ரிலீஸ் வாரமும் கிடையாது. மாசத்தோட ரெண்டாவது வாரம், திங்கள்ல இருந்து வெள்ளி, ஆனா அவளோட ஆன்கால் டர்ன் அந்த வாரம்தான் வருது. பேசறது அதுக்கு முந்தின புதன்கிழமை. ரோஸ்டர் மாத்தினா க்ளையண்ட் சைடுக்கு ரெண்டு நாள் முன்னாடி சொல்லணும், வெள்ளிக்கிழமை போய் சொன்னா "இப்ப எப்படிம்மா"ன்னுதான் வரும், அதுல நியாயமும் இருக்கு.

என்ன கேக்கறதுன்னும் எழுதிக்கிட்டா. அந்த வாரம் ஆன்கால் வேண்டாம், மூணாவது ஆளா ஜூனியர்ல சீனியரா இருக்கற பையன் எடுக்கட்டும், அவனுக்கு மேல எஸ்கலேஷனுக்கு ரோஸ்டர்ல இருக்கற இன்னொருத்தர். புது டிக்கெட் அசைன் பண்ண வேண்டாம், கைல இருக்கறதை மட்டும் முடிக்கறேன், 22 மணி 15 ஆகும். இன்டர்வியூ பேனல் அந்த வாரம் கிடையாது. ஆடிட் ஷீட் ஒரு வாரம் தள்ளிப் போகட்டும், அதோட கடைசி தேதி மாசக்கடைசிதான். ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டை யாராவது எடுத்துக்கட்டும். க்ளையண்ட் கால், ரிவ்யூ, பேட்ச் தயாரிப்பு இதெல்லாம் அவகிட்டயே. பேட்ச் விஷயம் வேற யாருக்கும் முழுசா தெரியாது, அதைப் போய் ஒரு வாரத்துக்கு தள்ளிவிட்டா திரும்ப வந்து அவதான் தோண்டணும்.

பேச்சு எப்படி போச்சுன்னு அவ சொன்னதை அப்படியே குடுக்கறேன். புதன் மதியம் ரெண்டரைக்கு, காபி எடுக்கப் போற இடத்துல இல்லாம ஒரு சின்ன ரூம் புக் பண்ணி, இருபது நிமிஷம். இன்வைட்ல "என் வொர்க்லோட், அடுத்த வாரம்"னு தலைப்பு போட்டு அனுப்பினா. "தனியா பேசணும்"னு போட்டிருந்தா அவர் ராஜினாமான்னு நினைச்சு வேற மூட்ல வந்திருப்பார்.

"நான் பர்ன்அவுட்டுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கேன். மூணு மாசமா வாரம் விட்டு வாரம் ஆன்கால். போன வாரம் ஒரு ஜாபை லைவ்ல ரீஸ்டார்ட் பண்ணப் போயிட்டேன், கடைசி செகண்ட்ல பிடிச்சோம். இப்படியே போனா அடுத்தது பிடிக்க முடியாது. அடுத்த வாரம் மட்டும் லோட் குறைக்கணும், எதைக் குறைக்கலாம்னு எழுதிட்டு வந்திருக்கேன், பாக்கறீங்களா?"

அவ்ளோதான் ஓப்பனிங். அந்த ரீஸ்டார்ட் விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமான்னு எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. எனக்கு சொல்லணும்னு தோணுச்சு, அவளுக்கு ரேட்டிங்ல அடிக்கும்னு பயம். கடைசில சொன்னா, அதுதான் அவர் முகத்தை மாத்துச்சு. களைப்புங்கறது அவர் கண்ணுக்குத் தெரியாது, லைவ் சிஸ்டம் விழப் போச்சுங்கறது தெரியும். ஆனா இதை எல்லா மேனேஜர்கிட்டயும் சொல்லலாம்னு நான் சொல்ல மாட்டேன். தப்பு நடக்கப் போச்சுன்னு கேட்டதும் யார் மேல போடலாம்னு பாக்கற ஆள்னா அதை விட்டுட்டு ஷீட்டோட நிறுத்திக்கறதுதான் புத்திசாலித்தனம்.

அவர் முதல்ல கேட்டது எல்லாரும் கேக்கறதுதான். "அதுக்கு ஒரு வாரம் லீவ் எடுத்துக்கோயேன்ம்மா?"

இதுக்கு பதில் தயாரா இல்லைன்னா அங்கயே கதை முடிஞ்சுடும். அவ சொன்னா, "லீவ் போட்டா என் வேலை அப்படியே காத்துக்கிட்டு இருக்கும், திங்கள்கிழமை டபுளா வரும். போன தடவை லீவ்ல இருந்தப்பவும் ரெண்டு நைட் போன் வந்துச்சு. எனக்கு வேலையே வேண்டாம்னு கேக்கலை, இந்த அஞ்சு விஷயம் ஒரு வாரம் என் கைல இருந்து நகரணும்." லீவ் தப்புன்னு சொல்ல வரலை, நிறைய பேருக்கு லீவ்தான் சரி. ஆனா லீவ்ல ஆள்தான் வெளிய போறாங்க, வேலை இருந்த இடத்துலயே இருக்கு. இவ விஷயத்துல நகர வேண்டியது வேலை.

அடுத்து, "எல்லாருக்கும்தானே லோட் இருக்கு, உனக்கு மட்டும் குறைச்சா மத்தவங்க கேப்பாங்களே?" இங்க அவ சண்டைக்குப் போகலை. "ஆமா, இருக்கு. ஆனா ஆன்கால் ரெண்டு பேர்தான் பண்றோம், இன்னொருத்தரும் இதே நிலைமைலதான் இருக்கார், அவர் உங்ககிட்ட சொல்லலை அவ்ளோதான். மூணாவது ஆள் வந்தா அவருக்கும் சேத்துதான் நல்லது." உண்மையும் அதான். அந்த மூணாவது பையன்கிட்ட அவ முன்னாடியே பேசி வச்சிருந்தா, அவனும் ஆன்கால் அலவன்ஸ் வரும்னு சந்தோஷமா ஒத்துக்கிட்டான். இந்த ஒரு ஸ்டெப் இல்லாம போயிருந்தா "யார் எடுப்பா?"ன்னு கேட்டு அப்படியே நின்னிருக்கும்.

மூணாவதா க்ளையண்ட்டுக்கு என்ன சொல்றது. ரோஸ்டர் மாறுதுன்னு மட்டும் சொன்னா போதும், காரணம் தேவையில்லைன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. எச்ஆர்கிட்ட போகணுமான்னு அவரே கேட்டார், இப்ப வேண்டாம், நமக்குள்ள இருக்கட்டும்னுட்டா. டீம்ல என்ன சொல்றதுன்னும் அப்பவே முடிவு ஆச்சு, "அந்த வாரம் அவங்க பேட்ச் வேலைல இருப்பாங்க"ன்னு. பொய்யும் இல்லை, முழுக்கதையும் இல்லை.

முடிவு: ஆன்கால், புது டிக்கெட், இன்டர்வியூ, ஆடிட் ஷீட் நாலுக்கும் ஓகே. ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டுக்கு மட்டும் முடியாதுன்னுட்டார், அது மேல வரைக்கும் போகுதாம். அவ விட்டுட்டா. கணக்குப்படி 57ல இருந்து 38 மணி நேரம். கேட்டதுல ஒண்ணு போச்சேன்னு அவளுக்கு வருத்தம், எனக்கு அது நல்லதாவே பட்டுச்சு, ஒரு மேனேஜருக்கும் எதையாவது வேண்டாம்னு சொல்ல இடம் இருக்கணும்.

பேச்சு முடிஞ்ச அரை மணி நேரத்துல ஒரு மெயில். இங்கிலீஷ்லதான் போச்சு, சாரம் இதுதான்: "இன்னைக்குப் பேசினபடி, வர்ற திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஆன்கால்ல நான் இல்லை, புது டிக்கெட்டும் இன்டர்வியூவும் இல்லை, ஆடிட் ஷீட் அடுத்த வாரம் குடுக்கறேன். பேட்ச் தயாரிப்பு, க்ளையண்ட் கால், ரிவ்யூ, ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் வழக்கம்போல. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு பத்து நிமிஷம் பேசி அடுத்து என்னன்னு பாப்போம். நன்றி." பர்ன்அவுட்ங்கற வார்த்தை மெயில்ல இல்லை, வேணும்னேதான் விட்டா. மெயில் ஃபார்வர்ட் ஆகும், யார் யார் கண்ணுல படும்னு தெரியாது, அப்ரைசல் நேரத்துல எவனாவது எடுத்துப் படிப்பான்.

இனி அந்த வாரம் எப்படி போச்சுன்னா, பேப்பர்ல இருந்த மாதிரி போகலை.

திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் சாட்ல "அக்கா ஒரு ரெண்டு நிமிஷம்" "அக்கா இது மட்டும்"னு வந்துக்கிட்டே இருந்துச்சு. புது டிக்கெட் அவ பேர்ல வரலை, ஆனா மத்தவங்க டிக்கெட் எல்லாம் அவ வழியா ஓடுச்சு. செவ்வாய் சாயங்காலம் கணக்கு பாத்தா அதுவே மூணு மணி நேரம் தாண்டிடுச்சு. அப்புறம் டவுட்டுக்குன்னு நாலு மணிக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, மத்த நேரம் சாட்டை மூடி வச்சா. பாதி டவுட்டு நாலு மணி வரதுக்குள்ள தானா தீந்துடுச்சுன்னு சிரிச்சா.

புதன்கிழமை மேனேஜரே மறந்துட்டார். க்ளையண்ட் எஸ்கலேஷன் ஒண்ணு வந்துச்சு, நைட் ஒன்பது மணி கால்ல இவளையும் சேத்து இன்வைட் அனுப்பிட்டார். பழைய ஆளா இருந்தா போயிருப்பா. இந்தத் தடவை அந்த மெயிலுக்கு மேலயே ரிப்ளை போட்டு "இது அந்த லிஸ்ட்ல வருமா, இல்லை நான் இருந்தே ஆகணுமா?"ன்னு ஒரே வரி. "சாரிம்மா, நீ வேண்டாம், நான் பாத்துக்கறேன்." எழுத்துல இருந்ததோட பலன் இதுதான், வாய்ப்பேச்சா மட்டும் இருந்திருந்தா புதுசா ஒரு தடவை கெஞ்சணும்.

தூக்கம் உடனே வரலை. முதல் மூணு நைட் அலர்ட்டே இல்லாம ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துச்சு, போனை வேற ரூம்ல வச்சும். வியாழன் நைட்தான் ஒரே தூக்கமா தூங்கியிருக்கா. ஒரு வாரம் கேட்டு நாலு நாள் இதுக்கே போச்சு, அதனால ரெண்டு நாள் போதும்னு கேக்கறவங்களுக்கு நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

இதுல நடந்த உருப்படியான விஷயம் ஒண்ணு யாருமே ப்ளான் பண்ணாதது. ஆன்கால் எடுத்த அந்த பையன் முதல் நைட்டே ரெண்டு தடவை எழுந்திருக்கான், ரெண்டும் ஒரே அலர்ட், டிஸ்க் 80 சதவீதம் நிரம்பிடுச்சுன்னு. பழைய லாக் ஃபைல் சேந்து சேந்து வர்ற பிரச்சினை. இவளும் இன்னொருத்தரும் மாசக்கணக்கா எழுந்து கையால டெலீட் பண்ணிட்டு படுத்துக்கிட்டு இருந்தாங்க, பகல்ல வந்து அதை நிரந்தரமா சரி பண்ண தெம்பும் இல்லை நேரமும் இல்லை. அவன் செவ்வாய் மதியமே "இதுக்கு எதுக்கு மனுஷனை எழுப்பணும்"னு கேட்டு, பழைய லாகை தினமும் தானா அழிக்கற ஜாப் ஒண்ணு போட சேஞ்ச் ரெக்வெஸ்ட் எழுதிட்டான், வியாழக்கிழமை அப்ரூவ் ஆகி லைவ் போச்சு. நைட் அலர்ட்டுல பாதிக்கு மேல அதுதான்னு அப்புறம் எண்ணிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கை அவ வேண்டாம்னு நினைச்சா, இப்ப பரவாயில்லையேன்னு. நான் போயே ஆகணும்னேன், அதுக்கு காரணம் இருக்கு. வெஸ்ட்மனும் ஈடனும் 1997ல வெளியிட்ட ஒரு ஆய்வுல, லீவ்ல போறப்போ குறையற பர்ன்அவுட் வேலைக்குத் திரும்பின மூணு நாள்லயே ஓரளவு ஏறி, மூணு வாரத்துல பழைய இடத்துக்கே வந்துடுதுன்னு பாத்தாங்க. அது லீவைப் பத்தினது, லேசான வாரத்தைப் பத்தினது இல்லை, ஆனா ரோஸ்டர் பழையபடி ரெண்டு பேர்தான்னா இவளுக்கு வேற மாதிரி நடக்கும்னு நினைக்க காரணம் எதுவும் இல்லை. அதனால வெள்ளிக்கிழமை அவ கேட்டது ரெண்டே ரெண்டுதான், அந்தப் பையன் நிரந்தரமா ரோஸ்டர்ல வரணும், நைட் அலர்ட் எல்லாம் சின்னதா இருந்தாலும் டிக்கெட்டா பதிவாகணும். ரெண்டும் கிடைச்சுது. இன்டர்வியூ பேனல்ல இருந்து அவளே விலகிட்டா, அதுக்கு யார் அனுமதியும் தேவைப்படலை.

இந்த வழி எங்க ஓடாதுன்னும் சொல்லணும். மேனேஜரே பிரச்சினைன்னா, அதாவது திட்டறது, அவமானப்படுத்தறது இதுனால வர்ற களைப்புன்னா, ஷீட் போட்டு பிரயோஜனம் இல்லை, அவருக்கு மேல இருக்கறவர் இல்லை எச்ஆர்தான். கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க, ப்ரொபேஷன்ல இருக்கறவங்க பர்ன்அவுட்ங்கற வார்த்தையையே எடுக்காம "இந்த வாரம் இதுல எது முதல்ல, எதைத் தள்ளிப் போடலாம்?"னு மட்டும் கேக்கறது பாதுகாப்பு, அதுலயே பாதி கிடைக்கும். வேலை இல்லாத நாள்லயும் எதுலயும் பிடிப்பு இல்லை, சாப்பாடு இறங்கலை, காரணமே இல்லாம அழுகை, உயிரோட இருக்கணுமான்னு நினைப்பு, இப்படி இருந்தா அது ஒரு வார லோட் குறைக்கற விஷயமே கிடையாது, அன்னைக்கே டாக்டரைப் பாக்கணும். 14416ங்கற டெலி மானஸ் நம்பர் 24 மணி நேரமும் இருக்கு, ஃப்ரீதான், தமிழ்லயே பேசலாம்.

அவ கேஸ்ல இன்னும் தீராதது பேட்ச். அது இப்பவும் அவ ஒருத்தி தலைலதான். அடுத்த ரெண்டு மாசக்கடைசிக்கு அந்தப் பையனை கூட உக்கார வச்சு, மூணாவது மாசம் அவனை ஓட்டவிட்டு இவ பாக்கறதா பேச்சு. மேனேஜர் ஓகே சொல்லிட்டார், க்ளையண்ட் சைடுல அவனுக்கு ஆக்சஸ் குடுக்கறதுதான் இழுத்துக்கிட்டு இருக்கு.